பத்துத் தடவை எழுதியும் பிடிபடாத ‘வாஸ்’

யுகேஜி படிக்கும் குழந்தை நாலு கோடு நோட்டில் ‘வாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பத்துத் தடவை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் இரண்டு வரி ஒழுங்காகப் போகும். அதற்குப் பிறகு பல குழந்தைகள் சுருக்கு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். மேலிருந்து கீழாக ‘டபிள்யூ’வை மட்டும் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போவார்கள். பிறகு மேலே திரும்பி வந்து ‘ஏ’ ஒரு வரிசை, கடைசியில் ‘எஸ்’ ஒரு வரிசை. நோட்டைத் திருத்தும் மிஸ்ஸின் கண்ணுக்குப் பத்துச் சொற்கள் தெரியும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இம்போசிஷன் எழுதும்போது செய்யும் அதே தந்திரம்தான். இவர்களுக்கு அது ஐந்து வயதிலேயே கைவந்துவிடுகிறது.

மறுநாள் அதே சொல்லைக் கதைப் புத்தகத்தில் காட்டிக் கேட்டால் குழந்தை ‘சா’ என்கிறது, அல்லது முதல் எழுத்தை மட்டும் பார்த்து ‘வீ’ என்று சொல்லிப் பார்க்கிறது. “நேத்துதானே பத்து தடவ எழுதின?” என்று அம்மா கேட்பது நியாயம்தான். ஆனால் எழுதிய நேரத்தில் அந்தச் சொல்லை வாயால் சொல்லவேண்டிய அவசியம் குழந்தைக்கு ஒருமுறைகூட வரவில்லை. அதை நினைவிலிருந்து எடுக்கவேண்டிய அவசியமும் வரவில்லை, மாதிரிதான் மேல் வரியிலேயே இருக்கிறதே. ஐந்து வயதில் பென்சிலைப் பிடித்துக் கோட்டுக்குள் எழுத்தை நிறுத்துவதே முழு வேலை. கவனம் அத்தனையும் விரலுக்குப் போய்விடும். சொல்லுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

இந்தச் சொற்களைப் பள்ளிகளில் ‘சைட் வேர்ட்ஸ்’ என்கிறார்கள். பார்த்தவுடன் படிக்கவேண்டிய சொற்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் வில்லியம் டால்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியல்தான் இன்றைக்கும் நம்மூர் யுகேஜி புத்தகங்களின் பின்பக்கத்தில் சிறு மாறுதல்களோடு அச்சாகிறது. குழந்தைகளின் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை அவர் திரட்டினார். பெயர்ச்சொற்களை அதில் சேர்க்காமல் 95 சொற்கள் கொண்ட தனிப் பட்டியலாக வைத்தார். எனவே 220-இல் இருப்பவை பெரும்பாலும் படம் போட்டுக் காட்டமுடியாத சொற்கள். பூனைக்குப் படம் போடலாம், ‘வாஸ்’ என்பதற்கு எதைப் போடுவது?

படமும் போடமுடியாது, எழுத்துக்கூட்டினால் ஒலியும் சரியாக வராது, ஆகவே உருப்போட வைப்பதுதான் வழி என்று நெடுங்காலம் நினைத்தார்கள். எழுதி எழுதி மனப்பாடம் செய்யும் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது அந்த எண்ணம்தான். வாசிப்பு ஆய்வாளர் லின்னியா எரி இதை மறுத்தார். ஒரு சொல் பார்த்தவுடன் படிக்கும் சொல்லாக மாறுவது அதன் வடிவம் கண்ணில் படமாகப் பதிவதால் அல்ல என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். சொல்லின் ஒவ்வொரு ஒலியும் அதற்குரிய எழுத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்போதுதான் அது மனத்தில் நிற்கிறது. முரட்டுச் சொல் என்று ஒதுக்கப்படும் ‘செட்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்-ஏ-ஐ-டி. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தங்கள் வழக்கமான ஒலியைத்தான் தருகின்றன. நடுவிலிருக்கும் ஏ-ஐ மட்டும் ‘எ’ என்று ஒலித்து ஏமாற்றுகிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அப்படியானால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இதில் எங்கே வருகிறது? விளையாட்டு என்பதாலேயே அது வேலை செய்துவிடும் என்று நம்புகிறவர்கள் முதலில் ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் காஃபும் அவருடைய சகாக்களும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நான்கு சொற்களை அட்டையில் எழுதிக் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் அட்டையின் மூலையில் மட்டும் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது, வேண்டுமென்றே வைத்ததுதான். குழந்தைகள் அந்த அட்டையின் சொல்லை மற்றவற்றைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதே சொல்லை ரேகை இல்லாத அட்டையில் காட்டினார்கள். பாதிப்பேருக்குக்கூடப் படிக்க வரவில்லை. அடுத்து, சொல்லே இல்லாமல் வெறும் ரேகையை மட்டும் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் படித்தது அழுக்கை. நம் வீட்டில் நடக்கும் தேடல் விளையாட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. மஞ்சள் கறை பட்ட அட்டை ‘யூ’, மூலை மடங்கியது ‘வாஸ்’, ஃபிரிட்ஜ் மேல் இருப்பது எப்போதும் ‘செட்’ என்று குழந்தை கற்றுக்கொண்டுவிடும். பெற்றோருக்கோ மூன்றே நாளில் மூன்று சொல் வந்துவிட்ட சந்தோஷம். கடைகளில் விற்கும் அட்டைகள் இன்னும் மோசம்; ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நிறத்தில், ஓரத்தில் ஒரு கரடியோடு இருக்கும். குழந்தை நிறத்தையும் கரடியையும்தான் படிக்கும். எழுத்தைத் தவிர பிடித்துக்கொள்ள வேறு பிடிமானமே இல்லாதபடி விளையாட்டை அமைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வாரத்துக்கு மூன்று சொற்கள் என்று வைத்துக்கொள்வோம்: வாஸ், செட், யூ. மூன்றுக்கும் உருவத்தில் ஒற்றுமை இல்லை, அதனால்தான் இந்த மூன்று. ‘வாஸ்’ கற்கும் வாரத்தில் ‘சா’வைச் சேர்க்கக்கூடாது. இரண்டிலும் இருப்பது அதே மூன்று எழுத்துகள், வரிசை மட்டும் தலைகீழ். புதிதாக இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுமே குழம்பும். ஒன்று நன்றாக ஊன்றியபிறகு மற்றதைக் கொண்டுவரலாம்.

ஒலியில் தொடங்குவோம். நம் வீட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ். ‘வாஸ்’ என்ற சொல்லை வகுப்புக்கு வெளியே அவர்கள் காதால் கேட்பதே அபூர்வம். கேட்டுப் பழகாத சொல்லின் ஒலியை எழுத்தோடு முடிச்சுப் போட முடியாது. ஆகவே முதல் வேலை, அந்தச் சொல் வரும் இரண்டு மூன்று சின்ன வாக்கியங்களைச் சொல்லி, பொருளைத் தமிழில் விளக்குவது. பந்து கட்டிலுக்கு அடியில் இருந்தது என்பதை நிஜமாகவே பந்தை உருட்டிவிட்டு, எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் சொல்லலாம். பிறகு மூன்று புளியங்கொட்டை எடுத்து வைத்து, ‘வாஸ்’ என்பதை மெதுவாக இழுத்துச் சொல்லி, ஒலிக்கு ஒன்றாக நகர்த்தச் சொல்லுங்கள். மூன்று ஒலி, மூன்று கொட்டை. அதன்பின் ஒவ்வொரு கொட்டைக்கும் கீழே எழுத்தை எழுதுங்கள். ‘டபிள்யூ’ சொன்னபடி ஒலிக்கிறது. நடுவிலிருக்கும் ‘ஏ’ கொஞ்சம் வாயைக் குவித்து ஒலிக்கிறது. கடைசி ‘எஸ்’ மென்மையாக அதிர்கிறது, ‘ஈஸ்’ என்ற சொல்லில் வருவதுபோல. ஏமாற்றும் எழுத்துக்குக் கீழே சிவப்பில் சின்னக் கோடு போடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் இது நீளக்கூடாது.

இதை விட்டுவிட்டு, பள்ளிகளில் வழக்கமாக “டபிள்யூ-ஏ-எஸ் வாஸ்” என்று கூட்டமாகப் பாட வைக்கிறார்கள். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ‘டபிள்யூ’ என்ற பெயர் ‘ட’வில் தொடங்குகிறது, அதைக் கேட்கும் குழந்தைக்கு ‘வ’ எங்கிருந்து கிடைக்கும்? பாட்டு மனப்பாடமாகும், சொல் ஆகாது. எழுத்துகளின் ஒலியே இன்னும் தெரியாத குழந்தையை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவருவதும் வீண். அவர்களுக்கு முதலில் ஒலியைத்தான் தேடவிட வேண்டும்: ‘ஸ்’ என்று தொடங்கும் பொருள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று.

இனி அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கம் போதும், தடிமனாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி, ஒரே கறுப்பு மார்க்கரில், சிறிய எழுத்துகளில் எழுதவேண்டும். சொல்லுக்கு மூன்று வீதம் ஒன்பது அட்டைகள். ஒரே சொல்லின் மூன்று அட்டைகளை மூன்று பேர் எழுதினால் இன்னும் நல்லது: அம்மா ஒன்று, அப்பா ஒன்று, அக்கா ஒன்று. கையெழுத்து மாறும்போது குழந்தை எழுத்தைத்தான் பற்றியாகவேண்டும். கறை பட்ட அட்டையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஒன்பதையும் ஓர் அறைக்குள் ஒளித்து வையுங்கள். நாள்காட்டிக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டில், தலையணைக்கு அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். இப்போது மாதிரி அட்டையைக் காட்டி “இதே மாதிரி தேடிட்டு வா” என்று சொல்லிவிட்டால் விளையாட்டு கெட்டது. அட்டையோடு அட்டையை ஒப்பிடுவதற்குப் படிக்கத் தெரியவேண்டியதில்லை. ஜோடி சேர்க்கும் திறன் போதும். இது நோட்டில் பார்த்து எழுதுவதன் இன்னொரு வடிவம்தான். சொல்லை வாயால் மட்டும் சொல்லவேண்டும். “போய் ‘வாஸ்’ கொண்டு வா.” குழந்தை அந்த ஒலியை மனத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. கையில் கிடைத்த முதல் அட்டை ‘செட்’. இதுவா, இல்லையா என்று முடிவு செய்ய அது எழுத்தைப் பார்த்தே தீரவேண்டும். எழுதும்போது ஒருமுறைகூட நடக்காத காரியம் அந்தக் கணத்தில் நடக்கிறது.

கொண்டுவந்தபின் அட்டையை நீட்டிச் சொல்லைச் சத்தமாகப் படிக்கவேண்டும், பிறகுதான் அடுத்த தேடல். தவறான அட்டையோடு வந்தால் “நல்லா யோசி” என்று காக்க வைக்காதீர்கள். குழந்தை யோசிக்காது, உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கும். “இது ‘செட்’. ஸ்… எ… ட்” என்று உடனே சொல்லிக் காட்டி, அதையும் ஒருமுறை சொல்லச் சொல்லி, அட்டையைத் திரும்ப ஒளித்துவிடுங்கள். சற்று நேரத்தில் அதே சொல்லை மறுபடி கேளுங்கள். ஐந்திலிருந்து ஏழு நிமிடத்தில் நிறுத்திவிடலாம், இன்னும் விளையாடணும் என்று குழந்தை கெஞ்சும்போதே.

ஆங்கிலம் தெரியாத பாட்டியும் இந்த விளையாட்டை நடத்தலாம். அட்டையின் பின்பக்கம் சொல்லின் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்தால் போதும். என்ன, தமிழ் எழுத்து தெரிந்த பேத்தி சீக்கிரமே அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்வாள். அப்போது பாட்டிக்குத் தனியாக ஒரு துண்டுச் சீட்டுப் பட்டியல் கொடுத்துவிடவேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை இடங்களை மாற்றுங்கள். முதல் நாள் நாள்காட்டிக்குப் பின்னால் கிடைத்தது இன்றும் அங்கேயே இருந்தால், குழந்தை நேரே அங்கே ஓடும், அட்டையைப் பார்க்காமலே பெயரைச் சொல்லும். இரண்டு நாள் கழிந்து மூன்று சொல்லும் தடுமாறாமல் வந்தால் போலிகளை இறக்கலாம். ‘வாஸ்’ பக்கத்தில் ‘ஹாஸ்’, ‘செட்’ பக்கத்தில் ‘சேட்’ என்னும் எஸ்-ஏ-டி. போலி அட்டைகளைக் குழந்தை படிக்கவேண்டியதில்லை, ஏமாறாமல் இருந்தால் போதும். தரையில் அட்டைகளைப் பரப்பி, நீங்கள் சொன்ன சொல்லைக் கொசு மட்டையால் அடிக்கச் சொன்னால் போதும், வீடு ரெண்டுபடும். (பேட்டரி மட்டை வேண்டாம், பழைய பிளாஸ்டிக் மட்டை.) போலி வந்ததும் குழந்தையின் வேகம் சட்டென்று குறையும். கவலைப்பட ஒன்றுமில்லை. அதுவரை முதல் எழுத்தைப் பார்த்து ஓடிய கண் இப்போது கடைசி எழுத்துவரை போகிறது.

வியாழன், வெள்ளியில் வேட்டை புத்தகத்துக்கு மாறவேண்டும். அட்டையில் தனியாக நிற்கும் சொல்லைப் படிப்பது ஒன்று, வாக்கியத்தின் நடுவில் சின்ன எழுத்தில் நெருக்கியடித்து நிற்கும் சொல்லைப் படிப்பது வேறு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு பக்கத்தை அச்செடுத்து, கையில் பென்சில் கொடுத்து, ‘வாஸ்’ வரும் இடத்தையெல்லாம் வட்டமிடச் சொல்லலாம். எத்தனை இருக்கிறது என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டு “இந்தப் பக்கத்துல நாலு ஒளிஞ்சிருக்கு” என்று சொன்னால் நாலாவதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். வட்டமிட்டதோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்தது. வாக்கியத்தை நீங்கள் விரல் வைத்துப் படியுங்கள். வட்டமிட்ட சொல் வரும்போது நிறுத்துங்கள், குழந்தை அதைச் சொல்லட்டும். தெருவில் கடைப்பலகைகளில் தேடச் சொல்வது பலருக்குத் தோன்றும். நம்மூர்ப் பலகைகளில் ஆங்கிலம் பெரும்பாலும் பெரிய எழுத்தில், அதுவும் பெயர்களாகத்தான் இருக்கும். ‘வாஸ்’, ‘செட்’ அங்கே ஏது? புத்தகமே சரியான காடு.

வீட்டில் சரி, முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில்? சுவர்களில் அட்டையை ஒட்டிவிட்டு “கண்டுபிடிங்க” என்றால் கெட்டிக்காரர்கள் ஐந்து பேர் பாய்ந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். மீதிப் பேர் அவர்கள் பின்னால் ஓடுவார்கள், எதையும் படிக்காமல். பார்க்க உற்சாகமாக இருக்கும், கற்பது அந்த ஐந்து பேர்தான், அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பென்சிலும் கதைப் பக்கத்தின் நகலும் கொடுத்து, ஒருவர் தேடிப் படிக்க மற்றவர் கேட்கும்படி செய்தால் எல்லா வாயும் அசையும். முதலில் முடித்தவருக்குக் கைதட்டல் என்ற வழக்கத்தை இந்த ஒரு விளையாட்டிலாவது விட்டுவிட வேண்டும். வேகத்துக்குப் பரிசு என்றால் ஊகிப்பதுதான் லாபம்.

எழுத வைப்பது இன்னும் ஒழியாததற்குக் காரணம் ஆசிரியர்களின் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. எழுதும் வகுப்பு அமைதியாக இருக்கிறது. நோட்டு சாட்சியாக வீட்டுக்குப் போகிறது. “இன்னைக்கு என்ன எழுதின?” என்று மாலையில் கேட்கும் அப்பா, நோட்டு காலியாக இருந்தால் பள்ளியில் எதுவுமே நடக்கவில்லை என்று முடிவுகட்டுகிறார். தேடி விளையாடியதற்கு நோட்டில் தடயம் இல்லை. வட்டமிட்ட கதைப் பக்கத்தையே வீட்டுக்கு அனுப்பி, குழந்தை அதைப் படிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்தப் பிரச்சினை கொஞ்சம் தணியும்.

அதற்காகக் கையெழுத்தே வேண்டாம் என்று சொல்ல முடியாது. காரின் ஜேம்ஸும் லாரா ஏங்கல்ஹார்ட்டும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளைத் தாங்களாகக் கையால் எழுதியும், புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தும், விசையைத் தட்டியும் பழகினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாங்களாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கு மட்டுமே வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் நன்றாக விழித்துக்கொண்டன. எழுதுவது வீண் வேலை அல்ல. மாதிரியின் மேலேயே கை ஓடுவதுதான் வீண். ஆகவே வேட்டையின் முடிவில் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒலியைச் சொல்லிக்கொண்டே ஒரே ஒரு தடவை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். அட்டையைத் திருப்பி அதுவே சரிபார்த்துக்கொள்ளட்டும். பத்துத் தடவைக்கு இது ஒன்று சமம் என்றுகூடச் சொல்லமாட்டேன், இது வேறு வேலை.

சொல் வந்துவிட்டதா என்பதை விளையாடிய அன்றே பார்த்துப் பயனில்லை. மறுநாள் காலையில், விளையாட்டுச் சூழல் எதுவும் இல்லாமல், நீங்கள் புதிதாக ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பாருங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து, இதுவரை பார்க்காத கதைப் பக்கத்தில். மனத்துக்குள் “ஒன்று” என்று சொல்லி முடிப்பதற்குள் குழந்தை படித்தால் சொல் வந்துவிட்டது. உதடு ‘டபிள்யூ-ஏ-எஸ்’ என்று முணுமுணுத்தால் இன்னும் வரவில்லை, பாட்டுதான் வந்திருக்கிறது. கண் உங்கள் முகத்துக்குப் போனாலும் வரவில்லை.

‘வாஸ்’, ‘சா’ மாறிப்போவது ஐந்து வயதில் சாதாரணம். அதை வைத்து டிஸ்லெக்சியா என்று பயப்படவேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் எழுத்துகளின் ஒலியே நிற்கவில்லை, நேற்று படித்த எளிய சொல் இன்று முழுதாக மறைந்துபோகிறது என்றால், விளையாட்டையும் எழுத்தையும் கூட்டிக்கொண்டே போகாமல் கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுவதே நல்லது.

தேறிய அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடி ஐந்தை எடுத்துக் காட்டுங்கள். தடுமாறும் அட்டை திங்கட்கிழமை மறுபடி தலையணைக்கு அடியில் போகும். ஒரு சொல் வெவ்வேறு புத்தகங்களில் கேட்காமலே வாயில் வந்துவிட்டால் அந்த அட்டைக்கு இனி வேலையில்லை, கிழித்துப் போடலாம். ‘வாஸ்’ போன அந்த இடத்தில் ‘வாஷ்’, ‘வான்ட்’ இரண்டையும் சேர்த்தே இறக்கலாம். அவற்றிலும் ‘டபிள்யூ’வுக்குப் பின்னால் வரும் ‘ஏ’ அதே போலத்தான் வாயைக் குவிக்கிறது, சிவப்புக் கோடு போடவேண்டிய இடம் குழந்தைக்கு ஏற்கனவே தெரியும்.